புள்ளிக் கோடு

தலைமையாசிரியர் அடைக்கலராஜ் பேனாவைச் சிவப்பு மையில் தொட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் சந்தனமேரியின் பெயரை அடிக்க அதன்மேல் ரூலரை வைத்தார். அந்த வகுப்பின் ஞானசெல்வி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசிப்புத் தேர்வுல இவளுக்கு வகுப்பு நிலை ஏழுன்னு வந்திருக்கு டீச்சர். ஏழாங்கிளாஸ் புள்ளைய மூணுல ஒக்கார வச்சிருக்கோம். ஆறுலயாவது போட்டுருவோம்."

"அவ எழுதுனது மூணாங்கிளாஸ் தாளுங்க சார். ஆடு மேயுறதும் கெணத்துல தண்ணி எறைக்கிறதுந்தான் அதுல இருக்கு. நாப்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கியிருக்கா. ஏழாங்கிளாஸ் பாடத்துல ஒரு வரிகூட யாரும் அவகிட்டக் கேக்கலை."

"அப்ப ஏழுன்னு போட்டது பொய்யா?"

"இந்தத் தாள எழுதுனா ஏழாங்கிளாஸ் புள்ளையும் முப்பத்தெட்டுதான் வாங்கும்னு ஒரு கணிப்புங்க. வயசுப் பட்டியலப் பாருங்க. எட்டு வயசுப் பிள்ளைகளோட சராசரி இருபத்தி நாலு. வயசுக்கு மிஞ்சி வாசிக்கிறா, அதுதான் நெசம்."

அவருக்கு மனம் ஒப்பவில்லை. "இந்தத் தேர்வத் தயாரிச்ச பயிற்சிப் பள்ளியில சும்மாவா ஏழுன்னு போடுவாங்க?"

ஞானசெல்வி தேர்வின் குறிப்பேட்டைப் பிரித்து, வகுப்புவாரியாகச் சராசரி மதிப்பெண்ணைக் காட்டும் கோட்டுப்படத்தை அவர்முன் தள்ளினாள். இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்புவரை கோடு அழுத்தமாக ஏறியது. அதற்கு மேல் வெறும் புள்ளிகள்.

"நாலாங்கிளாஸ் வரைக்குந்தான் பிள்ளைகள எழுத வச்சுப் பாத்திருக்காங்க. மேல உள்ளது அந்தக் கோட்டையே ரூலர் வச்சு நீட்டுனது. ஏழாங்கிளாஸ் புள்ள ஒண்ணுகூட இந்தத் தாளத் தொட்டதில்லைங்க."

அடைக்கலராஜ் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சந்தனமேரியின் பெயர்மேல் கிடந்த ரூலரை மெல்ல எடுத்தார்.