ஒன்பதாம் வினாவுக்கு இடப்பட்ட பூச்சியம்

1997ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் திகதி, கொட்டாஞ்சேனையில், பிழையற்ற விடை ஒன்றுக்குப் பூச்சியம் இடப்பட்டது. இதுவே என் முறைப்பாடு. விடை சரியானது என்பது பூச்சியம் இட்டவருக்கும் தெரியும்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். தமிழ்மொழி மூலமான வெளிவாரிப் பட்டப் பரீட்சையின் கணித விடைத்தாள்களைத் திருத்துவதற்கு அவ்வாண்டு என்னை அழைத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் மேல்மாடியில் மூவர் அமர்ந்தோம். பிரதம பரீட்சகர் கதிர்காமநாதன் பல்கலைக்கழக விரிவுரையாளர். வினாக்களை ஆக்கியவரும் புள்ளியிடும் திட்டத்தை எழுதியவரும் அவரே. மற்றவர் றஸ்மியா, உதவி விரிவுரையாளர், மாளிகாவத்தையிலிருந்து வருபவர். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து ஒரு மாதமே ஆகியிருந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி வந்து சேர்வதற்குள்ளேயே மூவரும் களைத்துப் போயிருப்போம்.

யாழ்ப்பாணத்து விடைத்தாள்கள் கப்பலில் வந்தவை. பெயர் இராது, சுட்டெண் மட்டுமே இருக்கும். நான் குறிப்பிடும் விடைத்தாளின் முகப்பில் மூன்றாந்தடவை என்ற குறி இருந்தது. மூன்றாந்தடவையும் தவறினால் அப்பட்டத்துக்கு மறுபடி தோற்ற இயலாது. மற்றெல்லா வினாக்களுக்கும் நான் புள்ளியிட்டுக் கூட்டினேன். சித்தியடைவதற்கு ஒன்பதாம் வினா ஒன்றே எஞ்சியிருந்தது.

அந்த வினா இது: முடிவின்றித் தொடரும் தொடைகள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு தொடையிலும் குறைந்தது ஒரு மூலகமாவது உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மூலகத்தை எடுத்து அமைத்த தொடரி ஒன்று உண்டெனக் காட்டுக. தொடை என்பது பொருள்களின் திரட்டு. அதிலுள்ள பொருள் மூலகம். மூலகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய வரிசை தொடரி. பொதுவாசகருக்கு இவ்வளவு போதும்.

திட்டத்திலிருந்த விடை இரண்டே வரிகள். முதல் தொடையிலிருந்து ஒன்றை எடுக்கலாம். முதல் n தொடைகளிலிருந்து எடுக்க இயலுமாயின் அடுத்ததிலிருந்தும் எடுக்கலாம். ஆகவே கணிதத் தொகுத்தறிவால் எல்லாத் தொடைகளிலிருந்தும் எடுக்கலாம்.

பரீட்சார்த்தி எழுதியிருந்தது வேறு. சிறிய, நெருக்கமான எழுத்து. தாளைச் சிக்கனப்படுத்தியவரின் எழுத்து. அதை அப்படியே தருகிறேன்:

“n எவ்வளவு பெரிதாயினும் முதல் n தொடைகளிலிருந்து மூலகங்களை எடுக்கலாம் என்பது தொகுத்தறிவால் பெறப்படும். முடிவிலியான எல்லாத் தொடைகளுக்கும் பொருந்தும் ஒரே சார்பு உண்டு என்பது அதனால் பெறப்படாது. எந்த மூலகத்தை எடுப்பது என்று கூறும் விதி எதுவும் இங்கே தரப்படவில்லை. ஆதலால் தேர்வு வெளிப்படையுண்மையை எடுத்துக்கொள்கிறேன். அதன்படி அத்தகைய சார்பு உண்டு. அதுவே வேண்டிய தொடரி.”

வெளிப்படையுண்மை என்பது நிறுவாமலே எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் கூற்று; ஒவ்வொரு தொடைக்கும் அதன் மூலகம் ஒன்றைக் குறிக்கும் சார்பு உண்டு என்பதே தேர்வு வெளிப்படையுண்மை. முதலாவதாகத் திருத்தியவர் கதிர்காமநாதன். சிவப்பு மையில் பூச்சியம் இட்டு, ‘நிறுவல் இல்லை’ என்று எழுதியிருந்தார். இரண்டாவது பரீட்சகனாகிய நான் முழுப் புள்ளியும் இட்டேன். வேறுபாடு அத்துணை பெரிதாயின் மூவரும் கூடிப் பேசவேண்டும் என்பது விதி. விடைத்தாளை எடுத்துச் சென்று அவர் முன் வைத்தேன்.

“மாஸ்டர், இன்னும் ரெண்டு கட்டு கிடக்கு. பொழுது படமுன்னம் சாவடி தாண்டவேணும். இதுக்கு நிண்டு கதைக்கவேணுமே?” என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றாமலே.

“கதைக்கத்தான் வேணும். இது சரியான விடை.”

“வெளிப்படையுண்மையை எடுத்துக்கொள்ளுறன் எண்டு எழுதிப்போட்டு முடிவையும் எழுதினா அது நிறுவலோ? நாளைக்கு எல்லாரும் கேள்வியையே வெளிப்படையுண்மை எண்டு எழுதிப்போட்டுப் போவினம்.”

“வேறை வழி இல்லாத இடத்திலை, எதை எடுத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லுறதுதான் நேர்மை.”

“வழி இல்லையோ? போன கிழமை உங்கடை வெள்ளவத்தையிலை, நான் இருக்கிற லொட்ஜிலை, ஆமி வந்து அறைக்கு ஒராளா ஏத்திக்கொண்டு போனவங்கள். என்ரை அறையிலை நான் மிஞ்சினன், கூட இருந்த பெடியன் போனான். அவங்கள் எந்த வெளிப்படையுண்மையைக் கேட்டவங்கள், சொல்லுங்கோ?”

றஸ்மியாதான் பேனாவை மூடிவைத்துவிட்டுத் திரும்பினார்.

“சேர், லொட்ஜில எத்தன ரூம்?”

“பதினாலு.”

“பதினாலு எண்டா கேட்கத் தேவயில்ல. ஒவ்வொரு கதவா தட்டி விரலால காட்டினா வேல முடிஞ்சிரும். லொட்ஜ் முடியாம போய்க்கொண்டே ஈந்தா? விரலும் காட்டிக்கொண்டே ஈக்கும். ஒரு நாளும் ‘எல்லா ரூம்லயும் எடுத்தாச்சு’ எண்டு ஜீப்பில ஏற ஏலாது.”

“அப்ப ஜீப்புக்கும் முடிவில்லை எண்டு வையுங்கோ,” என்றார் கதிர்காமநாதன். தம்மையும் மீறிச் சிரித்தார்.

“வைக்கலாம் சேர். ஆனா ஓடர் குடுத்த பெரிய ஆள் ஒருத்தர் ஈப்பாருதானே? அவரு ‘ஒவ்வொரு ரூம்லயும் ஆகக் குறஞ்ச வயசுக்காரன எடு’ எண்டு ஒரே ஒரு சொல் சொன்னா போதும். முடியாத லொட்ஜுக்கும் அந்தச் சொல் காணும். வெளிப்படையுண்மை தேவயில்ல; விதி ஈக்கி.”

“அப்பிடித்தான் சொன்னவங்களும்,” என்றார் அவர் மெதுவாக. “ஆக இளம் ஆளைத்தான் கேட்டவங்கள்.”

நான் தொடர்ந்தேன். தொடைகள் யாவும் இயற்கை எண்களால் ஆனவையாயின், ஒவ்வொன்றிலும் ஆகச் சிறியதை எடு என்று ஒரு விதி கூறலாம். அங்கே இந்த வெளிப்படையுண்மை வேண்டியதில்லை. இவ்வினாவிலோ தொடைகளில் என்ன இருக்கின்றது என்றே கூறப்படவில்லை. சிறியது பெரியது என்ற ஒழுங்கும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று உண்டு என்பது மட்டுமே தெரியும். ஒவ்வொன்றிலும் ஒன்று உண்டென்பது ஒரு கூற்று. எல்லாவற்றிலிருந்தும் ஒருங்கே எடுத்த தெரிவு ஒன்று உண்டென்பது வேறொரு கூற்று. மற்ற வெளிப்படையுண்மைகள் தமக்குள் முரணாதிருக்கும்வரை, முதற் கூற்றிலிருந்து இரண்டாவதை அவற்றைக் கொண்டு மட்டும் பெற இயலாது என்பது நிறுவப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

கதிர்காமநாதன் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். களைத்த மனிதர், ஆயினும் சோக்கட்டியைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்துவிட்டார்.

“நீங்கள் எந்த n-ஐச் சொன்னாலும் அதுவரைக்கும் நான் எடுத்துக் காட்டுவன். பிறகென்ன?”

“எந்த n-ஐச் சொன்னாலும், முதல் n இயற்கை எண்கள் முடிவுள்ள தொடை,” என்றேன். “அதையும் தொகுத்தறிவால நிறுவலாம். அப்ப இயற்கை எண்கள் முழுவதும் முடிவுள்ளவை எண்டு எழுதுவீங்களோ?”

அவர் கரும்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, நீண்ட புள்ளிக்கோடு ஒன்றை இழுத்தார்.

“சரி. பத்துவரைக்கும் எடுத்ததை அழியாம வைச்சு, பதினோராவதைச் சேர்க்கிறன். அதை வைச்சுப் பன்னிரண்டாவது. எல்லாத்தையும் ஒண்டாப் பொருத்தினா?”

“ஒண்ட சேர்க்கிற ஒவ்வொரு தரமும் எதச் சேர்க்கிற எண்டு யாரு சொல்றது, சேர்?” என்றார் றஸ்மியா. “பதினோராவதுல நூறு பேர் ஈக்காங்க. நூறு விதமா நீட்டலாம். எந்த நீட்டல் எண்டு ஒவ்வொரு படியிலயும் தெரிவு செய்யோணும். முடியாத தரம். திரும்பவும் அதே கடனத்தான் வேற கடையில வாங்குறீங்க.”

அவர் சோக்கட்டியால் புள்ளிக்கோட்டை மறுபடி தொடர்ந்து, இடையில் நிறுத்தினார். கீழே தெருவில் தேவாலயத்து மணி ஒலித்தது. யாரோ சிங்களத்தில் லொறியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் கையைத் தட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார்.

“ஓம். நான் பிழை,” என்றார்.

நான் சிவப்புப் பேனாவை அவர்பால் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை.

“மாஸ்டர், யாழ்ப்பாணத்திலை உந்தப் பாடத்துக்குப் புத்தகம் இல்லை. இருக்கிறது என்ரை குறிப்பு. போட்டோக்கொப்பியிலை போட்டோக்கொப்பி எடுத்து, எழுத்து மங்கி, அதைத்தான் எல்லாரும் படிச்சவை. அந்தக் குறிப்பிலை இந்த ரெண்டு வரியும் இருக்கு. இந்தக் கட்டுகளிலை முக்கால்வாசிப் பேர் அதையே எழுதியிருக்கினம். நான் முழுப் புள்ளி போட்டுட்டன். இப்ப திட்டத்தை மாத்தினா அவையின்ரை புள்ளியை வெட்டவேணும். வெட்டினா எத்தனை பேர் விழுவினம்? என்னை நம்பி எழுதினவை.”

“அவங்கட புள்ளிய வெட்டாதீங்க சேர்,” என்றார் றஸ்மியா. “திட்டத்தில கடைசி வரி என்ன? ‘வேறு சரியான முறைகளுக்கும் புள்ளி வழங்குக.’ இந்த ஆளுக்கு அந்த வரியில குடுங்க.”

“இது வேறை முறை இல்லையே. திட்டத்திலை இருக்கிறது பிழையெண்டு இந்த ஆள் முதல் ரெண்டு வசனத்திலையே எழுதியிருக்கு. இதுக்கு முழுப் புள்ளியும் போட்டு அனுப்பினா பரீட்சைச் சபை ரெண்டு விதத் தாளையும் பக்கத்திலை வைச்சுக் கேட்கும். பிறகு எல்லாக் கட்டும் திரும்பி வரும். எல்லாரின்ரை முடிவும் நிக்கும். எத்தனை மாதமோ.”

“அப்ப ஒராள் விழட்டும் எண்டு சொல்லுறீங்கள்,” என்றேன்.

“எனக்கு அலுத்துப்போச்சு மாஸ்டர்,” என்றார் அவர். “ஆரையாவது ஒராளை விட்டுட்டுத்தானே ஒவ்வொரு நாளும் வீட்டை போறம்.”

அவர் புள்ளிப்பட்டியலில் பூச்சியத்தை எழுதிக் கையொப்பமிட்டார். நான் கையொப்பமிட மறுத்தேன். மூவரில் இருவரின் கையொப்பம் போதும் என்பது விதி. பட்டியல் றஸ்மியாவிடம் சென்றது. அவர் என்னையும் பார்த்தார், விடைத்தாளையும் பார்த்தார்.

“என்ட வேல தற்காலிகம் மாஸ்டர். டிசம்பரோட புதுப்பிக்கோணும். அதுக்குக் கையெழுத்துப் போடுறது சேர்தான்,” என்றார். பிறகு ஒப்பமிட்டார். அவரை நான் குறைகூறப் போவதில்லை. எங்கள் மூவருள் அதைத் தெளிவாக விளங்கப்படுத்தியவர் அவரே.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் மூன்றுமுறை அடையாள அட்டையைக் காட்டினேன். மறுநாள் சபைக்கு எழுதினேன். மூன்று கிழமைகளின் பின் பதில் வந்தது: மீள்பரிசீலனை வேண்டுமாயின் பரீட்சார்த்தியே கொழும்புக்கு நேரில் வந்து விண்ணப்பிக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதற்கு இராணுவத்தின் பயண அனுமதியான பாஸ் பெறுவது எத்தகைய காரியம் என்பது அக்கடிதத்தை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: தமக்கு இடப்பட்டது பிழையான புள்ளி என்பதே அப்பரீட்சார்த்திக்குத் தெரியாது. சித்தியடையவில்லை என்ற ஒரு வரி மட்டுமே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விடையில் எங்கோ தவறிவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டிருப்பார். தம் தெளிவையே ஐயுற்று, மங்கிய அந்தக் குறிப்பைத் திரும்பப் புரட்டி, அதுதான் சரிபோலும் என்று தலையசைத்திருக்கவும் கூடும். எனக்கு உறக்கம் வராமைக்குக் காரணம் இதுவே.

பரீட்சை இரகசியத்தை வெளியிட்டேன் என்று என்மீது குற்றஞ்சாட்டலாம். பெயரும் தெரியாத, சுட்டெண்ணையும் இங்கே எழுதாத ஒருவரைப்பற்றி நான் எந்த இரகசியத்தை வெளியிட்டேன்?

இதை வாசிக்கும் நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், எழுதுவினைஞராக இருக்கலாம், கணிதத்தைப் பள்ளியோடு விட்டவராகவும் இருக்கலாம். எப்படியாயினும் இதை விளங்கிக்கொண்டுவிட்டீர்கள். ஆதலால் ஒரு தாளை எடுங்கள். அப்பரீட்சைச் சபைக்கு உங்கள் பெயரில், உங்கள் கையொப்பத்தோடு எழுதுங்கள்: வேறெவர் புள்ளியையும் வெட்டாது, ஒன்பதாம் வினாவுக்குத் தேர்வு வெளிப்படையுண்மையை எடுத்துக்கொள்வதாகக் கூறி விடையளித்த அந்த ஒருவருக்கு, அவருக்கு உரிய முழுப் புள்ளியையும் வழங்குக.