யாருக்கு வேண்டுமானாலும்

கப்பல் இன்ஜினீயரின் மனைவிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கடலில் இருக்கும் கணவன், வீட்டு விஷயமாகத் தனக்குப் பதில் கையெழுத்துப் போடும் பவரைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். கட்டிய பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தங்கைக்கு! நாத்தனார் சாதாரணமாகச் சிரித்தால்கூட அவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டையே சுருட்டப் போகிறாள், சந்தேகமே இல்லை.

போனில் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன வேத்தாளா? அவ பவரை ரத்து பண்ணிட்டு என் பேருக்குக் குடுங்க."

"கொஞ்சம் பொறும்மா, நல்லதுக்குத்தான்."

"யாரோட நல்லதுக்கு?"

நாலு நாள் அழுகை, ரெண்டு நாள் மௌனம். மனிதன் அலுத்துப்போனான். யார் கையெழுத்துப் போட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே என்று நினைத்து, அடுத்த துறைமுகத்தில் இறங்கி, அதிகாரி முன்னால் கையெழுத்திட்டான். தங்கையின் பவர் ரத்து. மனைவி பேருக்குப் புதிது.

அவனுடைய பத்திர வேலைகளைப் பார்த்துவந்த வக்கீலம்மா, மனைவி, நாத்தனார் இருவரையும் வரச் சொன்னாள். மனைவி நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். நாத்தனார் வாடிய முகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"இப்ப நான் அவருக்காக எல்லாம் செய்யலாம்ல?"

"செய்யலாம். விக்கலாம், வாடகைக்கு விடலாம், அவர் சார்பா எழுதிக் குடுக்கலாம். நீங்க போடற கையெழுத்து அவர் போட்ட மாதிரி. ஆனா வீடு அவரோடதுதான். அவர் நெனச்சா எப்ப வேணா ரத்து பண்ணலாம்."

மனைவி நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டு ஒரு பத்திரத்தை முன்னால் நகர்த்தினாள். "இதுதான் தயார் பண்ணி வெச்சிருந்தது. உங்க வீட்டுக்காரர் வீட்டை உங்க பேருக்குத் தானமா எழுதறார். உங்ககிட்ட சொல்லாம தரணும்னு ஆசைப்பட்டார். அவர் சார்பா குடுக்கறவங்க ஒருத்தர், வாங்கிக்கற நீங்க ஒருத்தர். அதான் தங்கச்சி பேருக்குப் பவர் எழுதச் சொன்னேன்."

"இப்ப நானே எழுதிக்கிறேனே?"

"அவருக்காக வேலை பார்க்க வந்தவங்க, அவர் சொத்தைத் தனக்கே எழுதிக்க முடியாதும்மா. இந்தப் பவர்ல அப்படி அனுமதியும் இல்ல. இதை வெச்சு நீங்க யாருக்கு வேணா எழுதிக் குடுக்கலாம். உங்களுக்குத் தவிர."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணன்கிட்ட நீ சொல்லேன்."

"ஐயோ, நான் கேட்டா நான் ஆசைப்படறேன்னு ஆயிடும். நீங்களே சொல்லுங்க அண்ணி."

போனை எடுத்துக் கணவன் எண்ணை அழுத்தினாள். "என்னங்க... அந்தப் பவரை உங்க தங்கச்சிக்கே மறுபடி எழுதிக் குடுங்க."

"ஏன், என்னாச்சு?"

நாத்தனார் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது நன்றாகவே தெரிந்தது.

"எனக்கு வீடு வரணும்னா," என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "அவ கைதான் வேணுமாம்."