பதினொரு பதிவுகளில் ஒன்று

மருந்து கேட்டுப் போனவரிடம் டாக்டர் கோப்பு கேட்டுவிட்டார். "நெஞ்சு படபடன்னு வந்தப்ப வாட்ச்சுல ஈசிஜி எடுத்தீங்கல்ல, அதையெல்லாம் பிடிஎஃப்பா அனுப்புங்க. பாத்துட்டு சொல்றேன்."

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷனுக்கு இதெல்லாம் என்ன பழக்கம்! மனைவி இறந்து மூன்று வருஷம். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வாட்ச் வாங்கிக் கொடுத்த மகள் ஏழு மணி நேர விமானப் பயணத் தொலைவில். அவள்தான் போனில் வழி சொன்னாள்: ஹெல்த் ஆப், இதயம், ஈசிஜி, ஒவ்வொரு பதிவாகத் திறந்து பிடிஎஃப்பாக ஏற்றுமதி.

"ஏதாவது இருந்தா அடுத்த ஃப்ளைட்ல வந்துடுவேன்பா."

அந்த ஒரு சொல்லுக்கு எப்படி ஏங்கிப்போனார்! கடவுளே, எனக்கு ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

பத்துப் பதிவிலும் சைனஸ் ரிதம், அதாவது சீரான துடிப்பு. பதினொன்றாவதில் மட்டும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஒழுங்கில்லாத துடிப்பு. செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று பத்து. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கேன்டீனில் சோடாபுட்டி, கூட வேலை பார்ப்பவன், "எனக்கும் கட்டிப் பாருண்ணே" என்று வாட்ச்சைப் பிடுங்கி எடுத்த பதிவு அது. துடிப்பு ஒழுங்கில்லை என்று வாட்ச் காட்டியதும், "முதல்ல உன் வாட்ச்சுக்கு வைத்தியம் பாரு" என்று அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் தாளின் தலையில் அச்சாகியிருந்தது இவர் பெயரும் பிறந்த தேதியும். எந்த மணிக்கட்டு என்று வாட்ச்சுக்கென்ன தெரியும்? பதினொன்றையும் அனுப்பினார். மகளுக்கும் சொன்னார். அவள் அழுதுகொண்டே டிக்கெட் போட்டாள். இவர் வெட்கமில்லாமல் அவள் அறையைப் பெருக்கி, படுக்கைக்குப் புது விரிப்பு போட்டார்.

மறுநாள் கிடங்கில் சோடாபுட்டி ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என்னடா?"

"மூச்சு வாங்குதுண்ணே. வயசாகுதுல்ல."

இவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவு நினைவுக்கு வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டு அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டர், அந்தப் பதினொண்ணாவது என்னோடது இல்ல. கூட வேலை செய்யறவனோடது."

டாக்டர் கத்தவில்லை. "உடனே கூட்டிட்டு வாங்க. இங்க முறையா ஈசிஜி எடுக்கணும். உங்களோடது பத்தும் நல்லாத்தான் இருக்கு, ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் பாத்துக்கலாம்."

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியும் அதையே சொன்னது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். சோடாபுட்டியின் மனைவி, இரண்டு மகள்கள், தம்பி என்று ஒரு கூட்டமே கட்டிலைச் சுற்றி நின்றது. இவருக்கு அங்கே வேலையில்லை. வராந்தாவுக்கு வந்து மகளைப் போனில் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அது வேற ஒருத்தனோட ரிப்போர்ட்."

"அப்பாடா! இப்பதான்பா எனக்கு உயிரே வந்துச்சு." அவள் சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. "அப்ப டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?"

"பண்ணிடும்மா," என்றார்.