பின்கட்டுக்கு ஒரே பேர்

இந்தக் காலத்தில் மனுசன் மூஞ்சியை மனுசன் பார்ப்பதே இல்லை. வாசலில் நின்று ரெண்டு தரம் கனைத்தாலும் கையில் இருக்கும் போனிலிருந்து தலை நிமிராது. நிமிர்ந்தால் முதலில் வருவது "டோக்கன் இருக்கா?" இப்படி நினைத்துக்கொண்டேதான் வெல்டர் கிழவர் அந்த மொழிபெயர்ப்பு ஆபீசில் மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் செத்துப்போன அக்கா எழுதிவைத்த உயில்.

அந்தக் கவரை அவர் யாரிடமும் கொடுப்பதாக இல்லை. முதல் இரண்டு நாளும் மொழிபெயர்ப்பாளர்கூட அவர் பிடித்துக் காட்டக் காட்டத்தான் பார்த்து எழுதினார். அக்கா மகன் வீட்டை மொத்தமாக விற்கப் பார்க்கிறான். "மாமா, நீங்க நினைக்கிறது வேற, அம்மா எழுதியிருக்கிறது வேற" என்று சொல்லிவிட்டான். பின்கட்டில் சாகும்வரை இருந்துகொள் என்று அக்கா எழுதச் சொன்னதை அவர் காதாரக் கேட்டிருக்கிறார். ஆனால் வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது. கோர்ட்டில் படிப்பது இங்கிலீஷ். நாளைக் காலையில் வக்கீல் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

"பெரியவரே, உயில வச்சுட்டுப் போனா பத்திரமா இருக்கும்" என்றார் திருத்துகிற அம்மா. மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுவதை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவர் வேலை. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா.

"எங்கிட்டயும் பத்திரமாத்தான் இருக்கு. நீ பாக்கணும்னா நான் புடிச்சுக்கறேன், பாரு."

"ஒம்பது பக்கத்தையும் புடிச்சுட்டு நிப்பீங்களா?"

"நாப்பது வருசம் வெல்டிங் குழாய் புடிச்ச கை இது."

அம்மா சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மூலத்தைத் தொடும் முன்பு அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழ் உயிலைப் பார்க்காத ஒருவர் இங்கிலீஷை மட்டும் படித்து, என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். ஜட்ஜும் அப்படித்தானே படிக்கப் போகிறார்? அன்று அந்த வேலை டைப்பிஸ்ட் பெண்ணுக்கு. அவர் வாயால் சொல்லுவதை விட வரைந்து காட்டுவார். சொத்துப் பத்திரம் என்றால் பேனாவை எடுத்து வீட்டையே போட்டுவிடுவார்.

அவர் படித்தார். ஒரு வாக்கியம் ஒன்பது வரி நீண்டது. நடுவில் மூச்சு வாங்கினார். பிறகு ஒரு பழைய தாளின் முதுகில் கட்டம் கட்டமாகப் போட்டு மேசையில் வைத்தார்.

கிழவருக்கு எழுத்து பிடிபடாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் கோடு பிடிபடும். எத்தனை கேட், எத்தனை படிக்கட்டு அவர் கோடு பார்த்துச் செய்திருப்பார்! எட்டிப் பார்த்தார்.

"இது யார் வீடு?"

"உங்க அக்கா வீடுதான்."

"எங்கக்கா வீட்டுக்குப் பின்னால மூணு கட்டடமா? யார் கட்டுனா? செத்தப்புறம் அவளே வந்து கட்டுனாளா?"

டைப்பிஸ்ட் தாளைத் தட்டிக் காட்டினார். "இது ரியர் குவார்ட்டர்ஸ், நீங்க குடியிருக்கலாம்னு போட்டிருக்கு. இது அனெக்ஸ், கூரைய நீங்க பழுது பாக்கணும். இது அவுட்ஹவுஸ், அங்க பட்டறை வச்சுக்கலாம்."

"அது மேல எதுக்குக் குறுக்க கோடு அடிச்சிருக்க?"

"அவுட்ஹவுஸ மகன் எப்ப வேணும்னாலும் இடிச்சுக்கலாம்னு ஆறாவது பாராவுல இருக்குங்க."

"பாத்தியா, சொன்னேன்ல! காகிதக்காரங்க எல்லாரும் அவன் பக்கம்தான்!" என்று கிழவர் எழுந்துவிட்டார். கவரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உக்காருங்க" என்றார் அம்மா, குரல் உயராமல். "இப்பத்தான் அத நீங்க எனக்குக் காட்டியே ஆகணும்."

அவர் ஏனோ உட்கார்ந்தார். கவர் திறந்தது. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, அம்மா விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு போனார். குடியிருக்கப் பின்கட்டு. கூரை பழுது பார்க்கப் பின்கட்டு. பட்டறை வைக்கப் பின்கட்டு. மூன்று இடத்திலும் ஒரே சொல். ஆறாவது பாராவில் மகன் இடிக்கலாம் என்றிருந்தது பக்கத்துச் சந்து ஓரமாக இருந்த தகரக் கொட்டகை. அதற்கும் இங்கிலீஷில் அவுட்ஹவுஸ் என்றே போட்டிருந்தது.

அம்மா மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'. முப்பது வருடம் இங்கிலீஷ் கட்டுரை திருத்திவிட்டு ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தவர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"ஒரே வார்த்தைய திரும்பத் திரும்ப எழுதினா படிக்கிறவனுக்கு அலுப்பு தட்டுமேன்னு மாத்தி மாத்திப் போட்டேன். பசங்களுக்கு அதுக்குத்தான் மார்க்கக் கொறைப்பேன்."

"ஜட்ஜுக்கு அலுப்பு தட்டட்டும் வாத்தியாரே. சந்தேகம் தட்டக்கூடாது. பேரு வேறன்னா பொருளும் வேறன்னுதான் கோர்ட்டுல எடுத்துப்பாங்க."

"அழகு பாத்து என் தலைமேல இருந்த கூரைய எடுத்துட்டியே, வாத்தியாரே!" என்றார் கிழவர்.

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரும் அம்மாவும் ஒரு தாளில் பட்டியல் போட்டார்கள். பின்கட்டுக்கு ரியர் குவார்ட்டர்ஸ், கடைசிவரை அது ஒன்றுதான். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லின் ஒலியையும் இங்கிலீஷ் எழுத்தில் வைத்தார்கள். கொட்டகைக்கு ஷெட். அவுட்ஹவுஸ் என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. பிறகு அந்த ஒன்பது வரி வாக்கியத்தை நாலாக உடைத்தார்கள். உடைத்த ஒவ்வொன்றிலும் யாருக்கு, எதில், எதுவரை என்பது தனித்தனியே நிற்கிறதா என்று அம்மா பார்த்தார். 'அவர் ஆயுள் உள்ளவரை' என்பது மூலத்தில் ஒரு தடவைதான் இருந்தது. அது குடியிருப்பு, பட்டறை இரண்டையும் கட்டுகிறது என்பதால் அந்த இரண்டு வாக்கியத்திலும் அதைச் சொன்னார்.

"அப்படியே அந்தக் கூரை சமாச்சாரத்த எடுத்துரும்மா" என்றார் கிழவர், கொஞ்சம் இறங்கிய குரலில். "ஏணி ஏறுற வயசா இது?"

"எடுக்க முடியாதுங்க."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குப் புடிக்காதத நான் எடுத்தா, நாளைக்கு உங்க மருமகன் தனக்குப் புடிக்காதத எடுக்கச் சொல்லி வேற எங்கயாவது போவார். உங்கக்கா சொன்னது அத்தனையும் இருக்கும். அவங்க சொல்லாதது ஒண்ணும் இருக்காது."

கிழவரின் அக்காவும் இப்படித்தான். கேட்டால் கொடுப்பாள், கூடவே ஒரு வேலையும் வைப்பாள்.

திருத்திய பிரதி வந்தது. ஒரிஜினலைப் பார்க்காத டைப்பிஸ்ட் மறுபடி படித்தார். இந்த முறை மூச்சு வாங்கவில்லை. புதுத் தாளில் முன்கட்டு, பின்கட்டு, ஓரமாக ஒரு கொட்டகை. குறுக்குக் கோடு கொட்டகை மேல்தான் விழுந்தது. பின்கட்டுக்குள் ஒரு சின்ன மனுசனை வரைந்து, அவர் கையில் ஒரு வெல்டிங் குழாயும் கொடுத்திருந்தார்.

"ஐயா இருக்கற வரைக்கும் ஐயாவுக்கு. குடியிருக்க, பட்டறை நடத்த. அதுக்கப்புறம் மகனுக்கு. கூரை ஐயா பொறுப்பு. அவ்வளவுதாங்க இதுல இருக்கு."

அக்கா படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிய நாள் கிழவர் கண்ணில் வந்து போனது. இருமிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதும் இதேதான், இதே வரிசையில்.

வாத்தியார் இரண்டையும் முழுதாக ஒருமுறை ஒப்பிட்டு, மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்று சான்றில் கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுக்குங்க பெரியவரே."

"ஒத்துக்கிட்டு ஒக்காந்து மறுபடி எழுதுனியே, அது போதும். எத்தன பேரு எழுதுவான்?" என்றார் கிழவர். டைப்பிஸ்டிடம் கேட்டு அந்தப் படத்தை வாங்கி மடித்து உயிலோடு வைத்துக்கொண்டார். அம்மாவின் முன்னால் போய் நின்றார். கையைக் கூப்பினார். பழக்கமில்லாத கை, கோணலாகத்தான் குவிந்தது.

"நல்லா இரும்மா. எங்கக்கா பேச்ச அப்படியே கொண்டுபோய்ச் சேக்குற."

"சந்தோசங்க. இப்பவாவது நம்பிக்கை வந்துதா?"

"உன் மேல வந்துச்சு" என்றார். "ஆனா, நாலு பேரு ஒக்காந்து பாத்தாத்தான் ஒரு காகிதம் நேராவுதுன்னா, பாக்காமப் போற காகிதம் எத்தன இருக்கும்? நான் காகிதத்த நம்பமாட்டேன்."

கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி, தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி தெருவில் நடந்தார்.