ஆறு பாட்டில் கலர்

பில்லைப் பார்த்ததும் கிணத்துக்கடவுத் தோட்டக்காரர் வரதராஜுலுவின் முகம் மாறியது. "ஏனுங்க அம்மணி, மினிபார்னு ஆறு பாட்டில் கலர் போட்டிருக்குதே? எனக்குச் சர்க்கரைங்க. ஒரு சொட்டுக் குடிக்கலீங்க."

ஓட்டல் கேஷ் கவுண்டரில் இருந்த எஸ்தருக்கு எரிச்சல் மண்டியது. குடித்துவிட்டு இல்லையென்று சாதிப்பவர்களைத் தினமும் பார்க்கிறாள். "நேத்து உங்க ரூம் ஃப்ரிட்ஜ்ல ஆறுமே இல்லீங்க. ரூம்பாய் பார்த்துத்தான் வவுச்சர் எழுதியிருக்காருங்க."

"நான்தானுங்க எடுத்தேன். அலமாரிக்குள்ள இருக்குது, பாக்கச் சொல்லுங்க."

மாடிக்கு ஃபோன் போட்டாள். ரூம்பாய் டேனியல் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆறும் மூடிகூடத் திறக்காமல் இருப்பதாகச் சொன்னான்.

"பாட்டில் இல்லேன்னா குடிச்சாச்சுன்னு எழுதிருவியா? காலி பாட்டில் கெடக்குதான்னு பாக்க மாட்டியா?" என்று கத்தினாள். அந்தத் தொகையைக் கழிக்கும் வவுச்சரை எழுதி மேனேஜரிடம் கையெழுத்துக்கு ஓடினாள். அவரோ, "தினம் ஒண்ணு கழிக்கிறியேம்மா?" என்று அவள்மீதே எரிந்து விழுந்தார்.

திருத்திய பில்லை நீட்டி, "மன்னிச்சுக்குங்க. பாட்டிலையெல்லாம் ஏனுங்க வெளிய எடுத்தீங்க?" என்றாள்.

"இன்னிக்குப் பொண்ணுக்கு நிச்சயமுங்க. பூ வாங்கி ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருந்தேன். உங்காளு புதுசா ஆறு பாட்டில் அடுக்கறதுக்குப் பூவை எடுத்து டிவி மேல வெச்சுப்போட்டாருங்க."

பையிலிருந்த பொட்டலத்தைக் கவுண்டரில் பிரித்தார். மல்லிகை முழுவதும் கருத்துக் கிடந்தது.

"இதை எந்த வவுச்சர்ல கழிப்பீங்க, அம்மணி?"