எல்லாருக்கும் ஐந்து

எங்கள் மட்டாஞ்சேரி மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் ஆண்டு ரேட்டிங் போடும் மாதம் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். கிடங்கு மேனேஜர் சைபுதீன் தன் ஆட்கள் எட்டுப் பேருக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவார். லேப் மேனேஜர் ஆனந்தகுமார், வேலை செய்வது கடமைதானே என்று எல்லாருக்கும் மூன்று போடுவார். பதவி உயர்வு மட்டும் வருஷா வருஷம் கிடங்குக்கே போகும்.

எச்.ஆர். பொறுப்பில் இருக்கும் நான் இந்த முறை மேனேஜர்களுக்கு மெயில் அனுப்பினேன்: ஒரு டீமில் இரண்டு பேருக்கு மேல் ஐந்து கூடாது.

சைபுதீன் சாயா கிளாஸோடு வந்து நின்றார். "நௌரின் மோளே, மூணாவது ஆளும் நல்லா வேலை செஞ்சிருந்தா அவனைக் கடல்ல தள்ளவா?"

சுள்ளென்று பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயம். மெயிலைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். "எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் அந்த ஆள் இந்த ஆண்டு செய்த வேலையை எழுதிக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஒரே பதவி நிலையில் இருப்பவர்களை எல்லா டீமிலிருந்தும் சேர்த்து, ஒரே அளவுகோலில் பார்ப்போம்."

கூட்டத்தில் ஆனந்தகுமார் தன் லேபின் லமியாவைப் பற்றி வாசித்தார். மிளகில் பூஞ்சையைக் கண்டுபிடித்து, கப்பலேறும் முன்பே ஒரு கன்டெய்னரை நிறுத்தியவள். ரேட்டிங் மூன்று.

சைபுதீன் மேசையைத் தட்டினார். "இதுக்கு மூணா? அப்ப என் பசங்க எட்டுப் பேருக்கும் அஞ்சு போட்ட நான் யாரு?"

ஆனந்தகுமார் மூன்றை அடித்து ஐந்து என்று எழுதினார். சைபுதீன் அதே பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பட்டியலை முதல் பெயரிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.