அணைந்த போனில் ஒரு டிக்கெட்

மும்பையின் அந்தேரியில் மெட்ரோவை விட்டிறங்கி வெளிவாசல் கதவருகே வந்தபோதுதான் நளினி காம்ப்ளியின் போன் செத்துப்போயிருந்தது தெரிந்தது. ஏறும்போது காட்டிய அதே டிக்கெட்டின் க்யூஆர் சதுரத்தை இறங்கும்போதும் ஸ்கேனர் கண்ணாடியில் காட்டினால்தான் கதவு திறக்கும். அவளிடம் இருந்தது கறுத்துப்போன ஒரு திரை மட்டும்.

நாலு தெரு தள்ளி அண்ணன் வசந்தின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வீட்டைப் பாகம் பிரித்ததில் வந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அதனால் தூக்குவதற்கு முன் வீட்டில் பார்த்தால்தான் உண்டு. வருகிறேன் என்று யாருக்கும் சொல்லாமலே கிளம்பியிருந்தாள்.

உதவிக் கவுன்ட்டரில் இருந்த தேஜஸ் நல்ல பையன்தான்.

"டிக்கெட்ட பாக்காம நீங்க எங்க ஏறுனீங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். டிக்கெட் இல்லாம வந்ததா அபராத ரசீது போட்டுடறேன். ஒரே நிமிஷம், வெளிய போயிடலாம்."

"டிக்கெட் இல்லாமயா? யாரப் பாத்துச் சொல்ற? நான் வெஸ்டர்ன் லைன் ரயில்ல டிக்கெட் செக்கரா இருந்து ரிட்டயர் ஆனவ!"

"அப்ப ரூல் உங்களுக்கே தெரியுமே."

தெரியாமலா? புறநகர் ரயிலில் போன் ஆப்பில் டிக்கெட் எடுத்தவன் பேட்டரி போச்சு என்று பல்லைக் காட்டினால், "காட்ட முடியலன்னா டிக்கெட் இல்லன்னுதான் அர்த்தம்" என்று ரசீது கிழித்துக் கொடுத்தவள் அவள். பையில் பணம் இருந்தது. மனசுதான் வரவில்லை. தன் பேர் அந்த ரசீதில் ஏறுவதா? சாவு வீடு என்று சொல்லிப் பார்க்கலாம். அந்தக் கதையைச் சொன்ன எத்தனை பேரை அவளே நம்பாமல் விரட்டியிருக்கிறாள்! வாய் திறக்கவில்லை. வறட்டுப் பிடிவாதம், வேறென்ன?

"சார்ஜர் குடு. போனுக்கு உயிர் வரட்டும். டிக்கெட்ட காட்டிட்டே போறேன்."

"நேரமாகும் மேடம்."

"ஆகட்டும்."

அடியோடு வற்றிய பேட்டரி லேசில் எழுந்து வரவில்லை. திரையில் சிவப்புக் கோடு மட்டும் நின்றது. இரண்டு வண்டிக் கூட்டம் அவளைத் தாண்டி வெளியே போயிற்று. ஒருவழியாகப் போன் விழித்தது, ஆப் திறந்தது. சதுரத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது, கதவு விலகியது.

"பாத்தியா? இருந்துச்சில்ல?" என்று தேஜஸைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே கால் வைத்தாள். கையிலேயே போன் அடித்தது. அண்ணன் மகன் நிகில்.

"அத்தை, எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன்ல, நிகில். இதோ வந்துட்டேன்."

அந்தப் பக்கம் அவன் அழ ஆரம்பித்தான்.

"நீங்க வருவீங்கன்னு நிறுத்தி வச்சிருந்தோம், அத்தை. அடிச்சு அடிச்சுப் பாத்தோம், சுவிட்ச் ஆஃப்னே வந்துச்சு. உங்க கோவம் இன்னும் தீரலன்னு நெனச்சு, இப்பத்தான் சுடுகாட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டோம்."